லயத்துப் பிள்ளையின் கதையை யார் சொல்வது?

1952இல் லீ மெங் என்ற இளம்பெண்ணை ஈப்போ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கையெறி குண்டு வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கைத் தவிர வேறு தண்டனை கிடையாது. அந்நாளில் நீதிபதியோடு அசெஸர்கள் இருவர் உட்கார்ந்து வழக்கைக் கேட்பார்கள். முதல் விசாரணையின் அசெஸர்கள் இருவரும் ஆசியர்கள். குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை, புது விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் முறை அசெஸர்களில் ஒருவர் ஐரோப்பியர். இம்முறை தூக்கு விழுந்தது. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. கடைசியில் 1953 மார்ச்சில் பேராக் சுல்தான் யூசுப் இஸ்ஸுடின் ஷா தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். 1964இல் லீ மெங் விடுதலையாகிச் சீனா போய்ச் சேர்ந்தார்.

இத்தனை படிகளிலும் ஒரு கேள்வியை எந்த நீதிபதியும் கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு மரணம் தகுமா என்பதே அது. கேட்க அவர்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. குற்றம் நிரூபணமா இல்லையா என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. அவர் யார், எந்த வீட்டில் வளர்ந்தார், அந்த வழிக்கு எப்படிப் போனார் என்பதெல்லாம் அரண்மனை வாசலுக்கு மட்டுமே உரிய பேச்சாக இருந்தது.

அந்தச் சட்டத்தின் பிறப்பும் பேராக்கில்தான் என்று சொல்லலாம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அதற்கு அருகிலுள்ள இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்ற விதியும் கூடவே வந்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டதும் அந்த விதிதான். வைத்திருந்தது ஒரு கைத்துப்பாக்கி. இந்தியாவிலிருந்து கருணை கேட்டுப் போன குரல் எடுபடவில்லை. லீ மெங்குக்கு அரண்மனை இரங்கியது, கணபதிக்கு எந்த வாசலும் திறக்கவில்லை. ஒரே சட்டம், ஒருவருக்கு உயிர், இன்னொருவருக்குக் கயிறு. காரணம் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை, கருணைக்குக் காரணம் எழுதும் வழக்கம் இல்லாததால்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1983இல் போதைப்பொருள் கடத்தலுக்கும் மரணம் கட்டாயமானது. 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது பிடிபட்டவன் பொறுப்பு. தராசில் பொருளை வைத்தார்கள், ஆளை வைக்கவில்லை.

இந்தியாவில் ஆளையும் தராசில் வைத்தது 1980இல் வந்த பச்சன் சிங் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு மரண தண்டனை செல்லும் என்றது. பகவதி மட்டும் மாறுபட்டார். ஆனால் செல்லும் என்றவர்களே அதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். ஆயுள் தண்டனைதான் விதி, மரணம் விலக்கு. வேறு தண்டனை எதுவும் அறவே பொருந்தாது என்ற 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே தூக்கு. அதற்கு முன் குற்றத்தையும் குற்றவாளியையும் சேர்த்து எடைபோட வேண்டும். அவன் வயது, மனநிலை, யாருடைய பிடியில் இருந்தான், திருந்த வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் கணக்கில் வரவேண்டும். திருந்தமாட்டான் என்று காட்ட வேண்டியது அரசுத் தரப்பு.

சொல் அழகாக இருந்தது. பயன்படுத்திய விதம் அப்படி இருக்கவில்லை. மூன்றே ஆண்டில் வந்த மச்சி சிங் தீர்ப்பு, கொன்ற விதம், நோக்கம், கொல்லப்பட்டவர் யார் என்று ஐந்து வகைகளை வரிசைப்படுத்தியது. நீதிபதிகள் பலர் அந்த வரிசையைப் பார்த்துக் குற்றத்தை மட்டும் அளந்தார்கள், ஆள் மறந்துபோனான். ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி வழக்கில், குற்றத்தின் தன்மைதான் முக்கியம், குற்றவாளி அல்ல என்ற கருத்தையே உச்ச நீதிமன்றம் எழுதியது. 1996இல் அவர் தூக்கிலிடப்பட்டார். 2009இல் பரியார் வழக்கில் அதே நீதிமன்றம், ராவ்ஜி தீர்ப்பு பச்சன் சிங்கைப் பார்க்காமல் சொல்லப்பட்டது, அதைப் பின்பற்றிய ஆறு தீர்ப்புகளும் அப்படியே என்று ஒப்புக்கொண்டது. பதின்மூன்று ஆண்டு கழித்து வந்த அந்தத் திருத்தம் ராவ்ஜிக்கு எதுவும் செய்ய முடியாது.

மலேசியா 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. கொலைக்கு இனி தூக்கு, இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறை. சிறை என்றால் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு, பெண்களுக்கும் ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. ஏற்கெனவே தூக்குக்குக் காத்திருந்தவர்களும் இயற்கை மரணம் வரை சிறை என்று விதிக்கப்பட்டவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்கலாம் என்றானது. அரண்மனை வாசலில் மட்டும் கேட்ட கேள்வி நீதிமன்றத்துக்குள் வந்தது. இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் எதைப் பார்த்துத் தூக்கு, எதைப் பார்த்துச் சிறை என்று அந்தச் சட்டம் ஒரு வரிகூட எழுதவில்லை. இடம் காலியாக இருந்ததால் நீதிபதிகள் இந்தியச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

2017இல் மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவரைத் தோழர்களே இஸ்திரிப் பெட்டியால் சுட்டுக் கொன்றார்கள். உடலில் 90 தீக்காயங்கள். உயர் நீதிமன்றம் கொலையல்ல, கொலையாகாத மரண விளைவிப்பு என்று 18 ஆண்டு சிறை கொடுத்தது. 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிக் கொலை என்றது, அரிதினும் அரிது என்றது, ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் 18 ஆண்டுக்கே திரும்பியது. அந்தப் பிள்ளையின் வேதனையைப் படித்தால் நெஞ்சு பொறுக்காது. ஆனாலும் ஏழே மாதத்தில் தூக்கு போய்விட்டது. தண்டனையை எடைபோடும் முன், அது கொலைதானா என்ற படியிலேயே தவறு நேர்ந்திருந்ததாக மேல்நீதிமன்றம் கண்டது. அரிதினும் அரிது என்ற அளவுகோல் அந்தப் படியைக் கடந்த பிறகுதான் பயன்படும். கடந்தாலும், காயங்களின் எண்ணிக்கை பாதிதான், ஆள் யார் என்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதிதான் நம் ஊரில் கடினம். இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல் மனோஜ் வழக்கில், தூக்கு கேட்கும் வழக்குகளில் மனநல மதிப்பீடு, குடும்பப் பின்னணி, சிறை நடத்தை ஆகியவற்றை விசாரணை நிலையிலேயே திரட்ட வேண்டும் என்றது. நம் 2023 சட்டம் அப்படியோர் அறிக்கையைக் கட்டாயமாக்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது பத்து வயதில் லயத்தை விட்டு ஈப்போ புந்தோங் பக்கம் குடிபெயர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தோட்டப் பள்ளி மூடப்பட்டுவிட்டது, வருகைப் பதிவேடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தோட்ட ஆஸ்பத்திரி இருந்த இடம் செம்பனைக் காடு. அப்பாவின் செக்ரோல் புத்தகம் கம்பெனி கைமாறியபோது குப்பைக்குப் போயிருக்கும். குடித்துவிட்டு அடித்த அப்பா, பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலைந்த ஆண்டுகள், பதினான்கில் லாரிப் பட்டறையில் சேர்ந்தது, இதையெல்லாம் நீதிபதி கேட்க வேண்டுமானால் காகிதமோ சாட்சியோ வேண்டும்.

காகிதம் போய்விட்டது. சாட்சிகள் இன்னும் இருக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்த பால்வெட்டுக் கிழவி, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டிரஸர், பிரசவம் பார்த்த ஆயம்மா ஆகியோர் சுங்கை சிப்புட்டிலும் கோப்பெங்கிலும் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. அரசு நியமிக்கும் வழக்கறிஞருக்கு அவர்களைத் தேடிப்போக நேரமும் பணமும் ஒதுக்குவது யார் என்று இன்னும் முடிவாகவில்லை.