இரண்டு படங்களும் நாற்பது ஃபைல்களும்

ஆபீஸில் ஒரு நடைமுறையை மாற்ற வேண்டும் என்றால் இப்போதெல்லாம் இரண்டு படங்கள் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார்கள். ஒன்று, இன்றைக்கு வேலை எப்படி நடக்கிறது என்பது. இதை ‘ஆஸ்-ஈஸ்’ என்பார்கள். மற்றது, இனிமேல் எப்படி நடக்க வேண்டும் என்பது. இது ‘டு-பி’. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பெட்டி, ஃபைல் போகும் வழிக்கு ஓர் அம்பு, ‘ஆம், இல்லை’ என்று வழி பிரியும் இடத்தில் ஒரு வைரக் கட்டம், அவ்வளவுதான் வித்தை. ஏதோ கம்ப்யூட்டர் காலத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். வேலையின் ஓட்டத்தைப் படமாக வரையும் முறையை அமெரிக்காவின் கில்பிரெத் தம்பதி 1921-லேயே பொறியாளர்கள் கூட்டத்தில் விளக்கிவிட்டார்கள்.

படம் போடுவதை நான் குறை சொல்லவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் அதையே தொழிலாகச் செய்தவன். ஆனால் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பாருங்கள், இத்தனை பெட்டி குறைந்துவிட்டது” என்று மாற்றத்துக்கு நியாயம் சொல்கிறார்களே, அது பெரும்பாலும் நியாயமே இல்லை என்பது என் கட்சி. இடது பக்கப் படத்தை விதிப் புத்தகத்தைப் பார்த்து வரைகிறார்கள். வலது பக்கப் படத்தை ஆசையைப் பார்த்து வரைகிறார்கள். இரண்டிலும் ஃபைல் எங்கேயும் திரும்பி வராமல், தடங்கலில்லாமல் நேரே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்த ஆபீஸில் ஐயா அப்படி நடக்கிறது?

நம் வாசகர்கள் வீட்டில் ஒருவராவது அனுபவித்திருக்கக்கூடிய விஷயத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். தில்லியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் 2018-ல், ஓய்வு பெற்றவர்களின் மெடிக்கல் கிளெய்ம் தாமதமாகிறது என்று ஏகப்பட்ட புகார். கண் ஆபரேஷன், இருதய ஆபரேஷன் என்று கையிலிருந்து செலவழித்துவிட்டு, பணம் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள். சிலர் தில்லியிலேயே பிள்ளையோடு இருந்தார்கள். சிலர் திருச்சி, பாலக்காடு என்று ஊர் திரும்பிவிட்டவர்கள். கடன் வாங்கிக் கட்டியவர்களும் உண்டு.

விதிப்படி அந்தக் காகிதம் போகிற வழி இது. முதலில் டைரி நம்பர் போடுவார்கள். டீலிங் அசிஸ்டெண்ட் நோட் எழுதுவார். சூப்பரிண்டெண்ட், நிர்வாக அதிகாரி, பிறகு அனுமதிக்கப்பட்ட ரேட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் டாக்டர். மறுபடி அசிஸ்டெண்ட். பிறகு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட், அக்கவுண்ட்ஸ் ஆபீசர், சாங்ஷன் கொடுக்கும் டெபுடி டைரக்டர். கடைசியில் உத்தரவு டைப் செய்ய ஒரு மேஜை, பணம் அனுப்ப ஒரு மேஜை. மொத்தம் 11 பெட்டிகள்.

மேலிடத்தில் முதலில் ஒரு ‘டு-பி’ படம் தயாராயிற்று. சூப்பரிண்டெண்ட், நிர்வாக அதிகாரி, டாக்டர், அக்கவுண்ட்ஸ் ஆபீசர் ஆகிய நாலு பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். பதினொன்று ஏழாயிற்று. ‘36 சதவிகிதம் மிச்சம்’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எதில் 36 சதவிகிதம்? பெட்டிகளில். வீட்டில் காத்திருக்கும் பெரியவருக்குப் பெட்டி கணக்கா வேண்டும்?

நாங்கள் செய்தது வேறு. விதிப் புத்தகத்தை மூடிவிட்டு, முடிந்துபோன ஃபைல்கள் நாற்பதை அலமாரியிலிருந்து வரிசையாக எடுத்தோம். பொறுக்கி எடுக்கவில்லை; பொறுக்கினால் நமக்கு வேண்டியதுதான் கையில் வரும். ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழும் தேதி இருக்கிறது. டைரி ரிஜிஸ்டரில் வந்த தேதி, போன தேதி இருக்கிறது. அவற்றை அம்புகளின் மேல் எழுதினோம். விண்ணப்பம் கைக்கு வந்த நாளிலிருந்து பணம் பாங்கில் விழுந்த நாள் வரை சராசரி 47 நாட்கள். அதில் யாராவது உண்மையில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்த நேரம் எவ்வளவு தெரியுமா? எல்லா மேஜையும் சேர்த்து இரண்டரை மணிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் அம்புகளில் போயிருந்தது, அதாவது ட்ரேயில் காத்திருந்தது.

இன்னொன்றும் தெரிய வந்தது. நாற்பதில் 18 ஃபைல்கள்தான் நேராகப் போயிருந்தன. அவற்றுக்கு ஆனது சராசரி 31 நாட்கள். மற்ற 22 ஃபைல்கள் ஒரு முறையாவது திருப்பப்பட்டவை. அவற்றுக்கு 60 நாட்கள். அந்த 22-ல் 17-ஐத் திருப்பியது ஒரே மேஜை, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட். ஒரிஜினல் பில் இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, பாங்க் கணக்கு விவரம் பொருந்தவில்லை, இப்படிக் காரணங்கள். அவர்மேல் தப்பில்லை. அவரிடம் ஒன்பது அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது, மேஜைக் கண்ணாடிக்கு அடியில். அந்தப் பட்டியலை அதற்கு முன்னாலிருந்த ஆறு மேஜைகளில் ஒருவரும் பார்த்ததே இல்லை! ஃபைல் ஆறு இடங்களில் காத்திருந்து வந்த பிறகு, “சம்மரி எங்கே?” என்று கேட்டுத் திருச்சிக்குக் கடிதம் போகிறது. விதிப்படி வரைந்த படத்தில் இந்தத் திரும்பும் அம்பு கிடையாது. ஆகவே அதைத் திருத்தவும் யாருக்கும் தோன்றவில்லை.

இனி பெட்டிகளுக்கு வருவோம். எந்தக் கையெழுத்தை எடுக்கலாம் என்பதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்த மேஜை எத்தனை ஃபைலில் எதையாவது மாற்றியது? சூப்பரிண்டெண்டும் நிர்வாக அதிகாரியும் நாற்பதில் ஒன்றில்கூட ஒரு வரி மாற்றவில்லை. டாக்டரோ எட்டு ஃபைல்களில் மாற்றியிருந்தார். ஆறில் தொகையைக் குறைத்திருந்தார், சரி. மற்ற இரண்டில் கூட்டியிருந்தார். தங்களுக்கு எவ்வளவு பாத்தியதை என்று தெரியாமல் குறைத்துக் கேட்டிருந்தவர்கள் அந்த இருவரும். முதல் படத்தில் வெட்டியெறிந்த பெட்டிகளில் இவருடையதும் ஒன்று. எடுத்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். அந்த இருவருக்கும் நஷ்டம், ஆபீஸுக்கும் ஆறு ஃபைலில் நஷ்டம்.

எங்கள் ‘டு-பி’ படத்தில் டாக்டர் இருந்தார், அக்கவுண்ட்ஸ் ஆபீசரும் இருந்தார். சூப்பரிண்டெண்ட் பெட்டியை எடுத்தோம். சாங்ஷனைப் பிரித்தோம். 50,000 ரூபாய் வரை நிர்வாக அதிகாரியே கொடுக்கலாம், அதற்கு மேல் போனால் அவரைத் தொடாமல் நேரே டெபுடி டைரக்டருக்கு. நாற்பதில் 29 ஃபைல்கள் அந்த வரம்புக்குள் இருந்தன. டைரி நம்பர் போடும் மேஜையிலேயே அந்த ஒன்பது அம்சப் பட்டியலைப் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே, அப்போதே, போனிலாவது சொல்லிவிடுவது என்று வைத்தோம். படத்தில் 10 பெட்டிகள். “ஒரு பெட்டி குறைக்கவா இத்தனை நாள்?” என்று மேலதிகாரி கேட்டார். கேட்காமல் இருப்பாரா!

பதிலுக்கு அந்தப் பழைய நாற்பது ஃபைல்களையே இரண்டு புதுப் படங்களிலும் ஓட்டிக் காட்டினோம். ஒப்பீடு என்றால் அதுதான் ஒப்பீடு. நாலு பெட்டிகளை வெட்டிய படத்தில் மிச்சமாவது, அந்த நாலு மேஜைகளில் காத்திருந்த 8 நாட்கள். 47 போய் 39. திரும்பி வரும் ஃபைல்கள் அதில் பழையபடியே திரும்பும். எங்கள் படத்தில் சாங்ஷனைப் பிரித்ததாலும் சூப்பரிண்டெண்ட் பெட்டி போனதாலும் சராசரி 6 நாட்கள் மிச்சம். அந்த 17 ஃபைல்கள் திரும்பாமல் இருந்தால் ஃபைலுக்கு 29 நாட்கள், அதாவது நாற்பதுக்குமாகப் பரப்பினால் 12 நாட்கள் மிச்சம். ஆக 28, 29 நாட்களில் முடியும் என்று கணக்கு வந்தது.

இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் 28 என்றே போட்டுவிடலாம் என்றார். போட்டிருந்தால் அது கண்கட்டு வித்தை. காகிதம் குறைந்தால் டைரி நம்பரே போடாமல் கவுண்ட்டரில் திருப்பிவிடலாம். நம்முடைய கடிகாரம் ஓடாது. ஆனால் அந்தப் பெரியவரின் கடிகாரம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் சம்மரி நகல் வாங்கிவர வேண்டும். பழைய ஃபைல்களில் பார்த்தால், திரும்பியதால் ஆன 29 நாட்களில் சுமார் 10 நாட்கள் அவர்கள் காகிதம் தேடிய நாட்கள். அது புது முறையிலும் போகாது. ஆகவே 17 ஃபைல்களுக்கும் 19 நாட்கள்தான் மிச்சம், பரப்பினால் 8. மொத்தம் 14 குறைந்து 33 நாட்கள் என்று போட்டோம். இரண்டு படங்களுக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றாக இருக்க வேண்டும், முடிவுப் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். காகிதத்தை முதலில் கொண்டுவந்து நீட்டிய நாளில் தொடங்கி, பணம் விழுந்த நாளில் முடிய வேண்டும். யாராவது படம் காட்டினால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு முனைகளைத்தான்.

படம் மட்டும் போட்டால் சாங்ஷன் அதிகாரம் வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 50,000 ரூபாய் வரை நிர்வாக அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்துத் தனி உத்தரவு வந்த பிறகுதான் புது முறை தொடங்கியது. அதற்கே நாலு மாதம். மத்திய அரசு 2021-ல் தன் அமைச்சகங்களில் ஒரு ஃபைல் நாலு நிலைகளுக்கு மேல் ஏற வேண்டாம் என்று முயற்சி எடுத்தபோதும், அதிகாரத்தைக் கீழே கொடுப்பதை அதோடு சேர்த்தே வைத்தார்கள். அதிகாரம் மேலேயே இருந்தால், நடுவில் பெட்டியை எடுத்தாலும் யாராவது ஒருவர் பயந்துகொண்டு மேலே அனுப்பத்தான் செய்வார்.

சூப்பரிண்டெண்டுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. “முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டேன், இப்போது நான் வேண்டாமா?” என்று கேட்டார். நியாயமான வருத்தம். விதிகள் அவருக்கு அத்துப்படி என்பதால் கவுண்ட்டர் சோதனையை அவரிடமே கொடுத்தார்கள். கடைசியில் அந்த முறை நன்றாக நடந்ததற்கு அவர்தான் காரணம். அவர் லீவு போட்ட வாரங்களில் வந்த விண்ணப்பங்கள் பழையபடி அரைகுறையாக உள்ளே போனதை ரிஜிஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒரு வருடம் கழித்து மறுபடி நாற்பது ஃபைல்களை எடுத்தோம். சராசரி 36 நாட்கள். நாங்கள் சொன்ன 33 வரவில்லை. ஏன் என்று தேடியபோது, எட்டு ஃபைல்களில் பக்கவாட்டில் பென்சிலால் ‘பார்வைக்கு’ என்று எழுதி ஒரு சின்னக் கையெழுத்து. சாங்ஷன் கொடுக்கும் முன் நிர்வாக அதிகாரி, ஒரு துணைக்கு இருக்கட்டும் என்று, பக்கத்து செக்ஷன் சூப்பரிண்டெண்டுக்குக் காட்டியிருக்கிறார். ஒவ்வொன்றும் அங்கே பத்து நாள், பன்னிரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறது. இன்று இ-ஆபீஸில் ஒவ்வொரு நகர்வுக்கும் தேதி தானாகப் பதிவாகிவிடுவதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அன்று பென்சில் குறியைத்தான் தேட வேண்டியிருந்தது. எங்கள் ‘டு-பி’ படத்தில் அந்தப் பக்கத்து செக்ஷன்காரருக்குப் பெட்டியே கிடையாது. புதிதாக வரைந்த ‘ஆஸ்-ஈஸ்’ படத்தில் அவருக்கும் ஒரு பெட்டி போட்டு, அம்பின் மேல் நாட்களையும் எழுதி, மேலே அனுப்பினோம்.