எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை

இணையப் பக்கம் ஏதாவது முரண்டு பிடித்தால் உதவி மையத்தாரும் வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் நிபுணரும் ஒரே குரலில் சொல்வது, ‘குக்கீ, கேச் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், சரியாகிவிடும்’ என்பதுதான். சில நேரம் சரியாகியும் விடுகிறது. இந்த யோசனைக்கு இவ்வளவு ஆயுள் கிடைத்தது அதனால்தான். ஆனால் குக்கீயும் கேச்சும் வெவ்வேறு சரக்கு; வெவ்வேறு கோளாறுக்குக் காரணமாகிறவை. தளம் தன் நிரலை மாற்றிய பிறகும் உலாவி பழைய நகலையே எடுத்துக் காட்டினால் பொத்தான் வேலை செய்யாது, பக்கம் கலைந்து தெரியும். அது கேச் கோளாறு. அதற்கு Ctrl + Shift + R அழுத்தினால் பெரும்பாலும் போதும். அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும். வீடியோ கூட்டத்தில் உங்கள் குரல் கேட்கவில்லையா? என்றோ ஒருநாள் மைக்குக்கு ‘Block’ கொடுத்திருப்பீர்கள். அந்த அனுமதி குக்கீயிலும் இல்லை, கேச்சிலும் இல்லை. இரண்டையும் துடைத்தாலும் அது அப்படியே நிற்கும். முகவரிக்கு இடப்பக்கமுள்ள சின்னத்தைத் தொட்டு அங்கேதான் மாற்ற வேண்டும்.

குக்கீயால் வரும் கோளாறுக்கு நல்ல உதாரணம் ERR_TOO_MANY_REDIRECTS. கெட்டுப்போன உள்நுழைவுக் குக்கீயைப் பார்த்து முகப்புப் பக்கம் உங்களை லாகின் பக்கத்துக்கு அனுப்பும்; லாகின் பக்கமோ ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்று திருப்பி அனுப்பும். இந்த அலைக்கழிப்பைக் குரோம் ஓரளவு பொறுத்துவிட்டுக் கைவிரிக்கும். இங்கே அழிக்கத்தான் வேண்டும், அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும். முதலில் Ctrl + Shift + N அழுத்தி, மறைநிலைச் சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய குக்கீகள் அங்கே வராது. அங்கும் சுற்றிக்கொண்டே இருந்தால் குற்றம் பெரும்பாலும் தளத்தின் பக்கம்தான். நீங்கள் எதை அழித்தும் பயனில்லை. அங்கே திறந்தால் chrome://settings/content/all போய், தளத்தின் பெயரைத் தேடி அழியுங்கள். அழித்தும் தீரவில்லை என்றால் நீட்சிகளைச் சந்தேகிக்கலாம். மறைநிலையில் அவை வழக்கமாக இயங்காது.

‘மொத்தமாக அழித்தால் நஷ்டமென்ன, வேலை சுலபம்தானே’ என்று கேட்கலாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அநேகமாக எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே தள்ளப்படுவீர்கள், கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் மறுபடி. குக்கீயோடு சேர்த்து அழியும் ‘site data’வில், சில தளங்கள் உலாவியிலேயே சேமிக்கும் அரைகுறை வரைவுகளும் போய்விடும். போனது திரும்பாது. எது கெடுத்தது என்பதும் தெரியாமலே போவதால், அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான். இன்னொரு மறுப்பில் நியாயம் உண்டு: லாகின் வேறொரு முகவரியில் நடக்கும் தளங்களில் ஒரு தளத்தை மட்டும் அழிப்பது போதாது. அப்போது லாகின் பக்கத்தின் முகவரியைப் பார்த்து அதையும் சேர்த்து அழியுங்கள். அப்போதும் இரண்டு தளங்கள்தான்.

அடுத்த முறை யாராவது Ctrl + Shift + Delete அழுத்தச் சொன்னால், அதற்கு முன் Ctrl + Shift + N அழுத்திப் பாருங்கள்.