தவணை முடிந்த கடையும் எழுதப்படாத கடிதமும்

நிந்தவூர் பிரதான வீதியில் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் பேசும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம் உண்டு. "தவணை முடிஞ்சிட்டுது, புதுசா ஒண்டும் எழுதல்ல, அவர் இருந்துகொண்டு போறார், நாங்களும் வாடகைய எடுத்துக்கொண்டு போறம்." கேட்பதற்குச் சுமுகமாகத்தான் இருக்கும். கடைக்காரரும் உரிமையாளரும் ஒரே பள்ளியில் தொழுபவர்கள், கலியாண வீடுகளில் ஒரே சஹனில் சாப்பிடுபவர்கள். கடிதம் எழுதுவதை முகத்தை முறிக்கும் வேலையாகவே நம்மவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. அதைத்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கடை நொத்தாரிசு மூலம் 3 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்படுகிறது. மாத வாடகை 25,000 ரூபா, முற்பணம் 3 இலட்சம். குத்தகை 2024 டிசம்பர் 31இல் முடிகிறது. சாவி வரவில்லை. ஜனவரி 5ஆம் திகதி வழமைபோல 25,000 ரூபா உரிமையாளரின் வங்கிக் கணக்கில் விழுகிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. அதே வரிசையில் பக்கத்துக் கடைகள் 40,000 ரூபாவுக்குப் போகின்றன.

இந்த இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது. நமது நாட்டில் குத்தகை விடயங்களுக்கு அடிப்படையாக இருப்பது உரோம-டச்சுச் சட்டம். அதன்படி தவணை முடிந்த பிறகும் வாடகையாளர் இருந்து, உரிமையாளரும் வாடகையை வாடகையாகவே வாங்கினால், இரு தரப்பும் வாய் திறக்காமலே மீண்டும் வாடகைக்குச் சம்மதித்ததாகக் கொள்ள இடமுண்டு. அப்போது அவர் தவணை கடந்து குந்தியிருப்பவர் அல்லர், மாத வாடகையாளர் ஆகிவிடுகிறார். அவரை எழுப்ப ஒரு முழு மாத முன்னறிவித்தல் வேண்டும். கடை 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வருமானால் கதை இன்னும் நீளும். வருமா வராதா என்பதைக் கடிதம் எழுதுமுன் சட்டத்தரணியிடம் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

நொத்தாரிசிடம் போகாமல் முத்திரைக் கடதாசியில் மட்டும் 3 வருடம் என்று எழுதிக்கொண்டவர்களுக்கு வேறு நிலை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த 3 வருடத்துக்குச் சட்டத்தில் பலமில்லை. நடைமுறையில் அது ஆரம்பத்திலிருந்தே மாத வாடகையாகத்தான் பார்க்கப்படும்.

உரிமையாளர்கள் ஏன் எழுதுவதில்லை? முகத்தாட்சணியம் ஒரு காரணம். நான் கண்ட மட்டில் பெரிய காரணம் முற்பணம். வாங்கிய 3 இலட்சம் வீடு கட்டவோ மகளின் கலியாணத்துக்கோ எப்போதோ போய்விட்டது. சாவியைக் கேட்டால் காசைக் கேட்பார். ஆகவே இரண்டு பேரும் ஒன்றும் கேட்காமல் இருக்கிறார்கள். முற்பணத்தைத் திருப்பித் தர வழி செய்துகொள்ளாதவர் கடிதம் எழுதுவதில் பலனில்லை என்பது என் அபிப்பிராயம். வாடகையாளருக்கு முதல் ஆயுதமே அதுதான்.

வழி செய்துகொண்டவர் பெப்ரவரி 10ஆம் திகதியளவில் இப்படி எழுதலாம்:

"மதிப்புக்குரிய சகோதரர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நமக்கிடையிலான குத்தகை 2024.12.31இல் முடிவுற்றது. அதன் பின் நீங்கள் கடையில் இருப்பதற்கு நான் சம்மதம் தரவில்லை. ஜனவரியில் நீங்கள் வைப்பிலிட்ட 25,000 ரூபாவை வாடகையாக அன்றி, கடையைப் பாவித்ததற்கான ஈட்டுத்தொகையாக, என் உரிமைகளுக்குப் பாதகமின்றி ஏற்கிறேன். இனி வருவதும் அவ்வாறே. தொடர்ந்து இருக்க விரும்பினால், மாதம் 40,000 ரூபா வீதம் புதிய குத்தகையை 2025.02.28க்கு முன் நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிடலாம். இல்லையேல் 2025.03.31இல் கடையை வெறுமையாக்கி ஒப்படைக்கவும். உங்களை மாத வாடகையாளராகக் கருத இடமிருப்பின், இக்கடிதமே அதனை அத்திகதியுடன் முடிவுறுத்தும் அறிவித்தலாகும். மின்சாரக் கட்டண நிலுவை இருந்தால் கழித்து, முற்பணம் 3 இலட்சத்தையும் சாவி தரும் அன்றே தருவேன்."

இதில் ஒவ்வொரு வசனத்துக்கும் வேலை இருக்கிறது. ஈட்டுத்தொகை என்ற சொல், வாங்கிய காசு சம்மதமாக மாறாமல் தடுக்கிறது. மார்ச் 31 என்ற திகதி சும்மா போட்டதல்ல. மாத வாடகைக்கு அறிவித்தல் ஒரு முழு மாதத்தைக் கொண்டு, மாத முடிவில் முடிய வேண்டும். பெப்ரவரி 10இல் எழுதி மார்ச் 10இல் வெளியேறு என்றால் அறிவித்தலே பிழைத்துவிடும். புதிய குத்தகைக்கு அழைப்பு உண்டு, ஆனால் அதற்கும் கெடு உண்டு. "பிறகு பேசிக்கொள்வோம்" என்ற ஒரு வரி சேர்ந்தால் கடிதம் முழுவதும் பலவீனப்படும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கை மறதியாக "மார்ச் மாத வாடகை" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் எல்லாம் வீண்.

மார்க்கப் பக்கமும் இதில் தெளிவு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், தவணை முடிந்த பின் உரிமையாளரின் சம்மதமின்றி ஒரு சொத்தைத் தடுத்து வைத்திருப்பவர் அக்காலத்துக்கு உஜ்ரதுல் மிஸ்ல், அதாவது அந்த இடத்துக்கு வழக்கிலுள்ள வாடகையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பழைய 25,000 அல்ல, இன்றைய 40,000. பள்ளிவாசல் கடைகளில் இது இன்னும் பாரதூரமானது. அது வக்பு. விட்டுக்கொடுக்க நம்பிக்கையாளர் சபைக்கு அது சொந்தச் சொத்தல்ல.

கெடு கடந்தும் சாவி வராவிட்டால் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற வேலைகளுக்குப் போக வேண்டாம். பொலிஸ் அதை அமைதிக் குலைவாக நீதிமன்றத்துக்குக் கொண்டு போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் திரும்ப உள்ளே வைக்கலாம். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே பேச்சே அல்ல. போக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். குத்தகைக்கு விட்ட கட்டிடங்களை விரைவாக மீட்பதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தமும் முன்னறிவித்தலும் கையில் உள்ளவருக்கே அதனால் பிரயோசனம்.

சில வேளை வாடகையாளர் கடைசியில், "காணியே உங்களுடையதல்ல, உங்கள் மச்சானின் பங்கு" என்று ஒரு புதுக் கதையைத் தூக்குவார். பயப்படத் தேவையில்லை. ஆழ்வார்பிள்ளை எதிர் கருப்பன் என்ற 1899ஆம் ஆண்டு வழக்கிலேயே இலங்கை உயர் நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. குத்தகைக்காரர் முதலில் இடத்தைக் கொடுத்தவரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும், உரித்து வழக்கு அதற்குப் பிறகுதான். நமது நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. அந்த வாதத்தோடு வருபவரிடம் வாய்த்தர்க்கம் செய்யாமல், குத்தகை உறுதியையும் பெப்ரவரிக் கடிதத்தின் பிரதியையும் சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுங்கள்.