ஜாலியன்வாலாபாக்கும் சொல்லின் சாயமும்

1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி அமிருதசரஸ் ஜாலியன்வாலாபாக்கில் நடந்ததை நம் தேசத்தார் படுகொலை என்கிறோம். அக்காலத்து சர்க்காரோ, அதையும் அதனையொட்டிய நிகழ்ச்சிகளையும் விசாரிக்கத் தாம் நியமித்த ஹண்டர் கமிட்டிக்கு, ‘குழப்பங்களைப் பற்றிய விசாரணைக் கமிட்டி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். ஒரு சாட்சியையேனும் விசாரிக்கு முன்பே, குழப்பம் விளைவித்தவர் ஜனங்களே என்பது அப்பெயரில் அடங்கிவிட்டது. ஆயினும் அதைக் காரமான சொல்லென்று எவரும் கூறார். நமது சர்ச்சை இங்கேதான் தொடங்குகிறது. சொல் மெதுவாக இருப்பதால் மாத்திரம் அது நடுநிலையான சொல்லாகிவிடுமா?

ஒவ்வொரு சொல்லுக்கும் நேராகச் சுட்டும் பொருள் ஒன்றுண்டு. அதனோடு ஒட்டிவரும் குறிப்புப் பொருளும் உண்டு. ‘கூட்டம்’, ‘கும்பல்’, ‘திரள்’ ஆகிய மூன்றும் பலர் ஓரிடத்தில் கூடியதையே சுட்டும். எனினும் ‘கும்பல்’ என்றவுடன் கல்லும் கழியும் நம் கண் முன் வந்துவிடுகின்றன. அன்று அத்தோட்டத்தில் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்களும் இருந்தனர். வைசாகித் திருநாளுக்காக நகருக்கு வந்த கிராமத்தாரும் இருந்தனர். அவர்களைக் ‘கும்பல்’ என்று எழுதுகிறவர், நிரூபிக்க வேண்டிய ஒன்றை நிரூபிக்காமலே வாசகர் மனத்தில் ஏற்றிவிடுகிறார்.

‘சுட நேரிட்டது’ என்னும் தொடரோ இன்னும் சூழ்ச்சியானது. அதில் சுட்டவர் யார் என்பது இல்லை. வேறு வழியில்லை என்ற சமாதானம் மாத்திரம் இருக்கிறது. ‘துயரச் சம்பவம்’ என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பூகம்பமும் துயரச் சம்பவந்தான்!

நிற்க. நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். ‘ஜெனரல் டயர் வெறிபிடித்துச் சுட்டுத் தள்ளினான்’ என்று நம்மவர் எழுதுவதுண்டு. கோபம் நியாயமானதே; ஆனால் ‘வெறி’ என்னும் சொல் டயருக்குச் செய்யும் உதவியை அவர்கள் யோசிப்பதில்லை. வெறி கொண்டவன் தன் செயலை அறியான். டயரோ கமிட்டியின் முன் கூறியது வேறு. கூட்டம் நடந்தால் சுடுவதென்று முன்னதாகவே தாம் தீர்மானித்திருந்ததாகவும், சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்கக் கூடுமென்றும், பாஞ்சாலம் முழுவதும் ஒரு பாடம் பரவ வேண்டுமென்பதே தம் கருத்தென்றும் அவர் கூறினார். ஆகவே ‘வெறி’ என்ற சொல் நாகரிகக் குறைவு என்பதைவிட, உண்மைக்கு மாறானது என்பதே பெரிய குற்றம்.

தமிழில் மற்றொரு தொல்லையும் உண்டு. ‘சுட்டான்’ என்றால் வெறுப்பு; ‘சுட்டார்’ என்றால் மரியாதை. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு வினைமுற்றில் இந்தச் சங்கடம் இல்லை. இதற்கு நாம் கண்ட வழி, அதிகாரிக்கும் தோட்டத்தில் மாண்ட கிராமத்தானுக்கும் ஒரே ‘ஆர்’ விகுதியைக் கொடுப்பதே. சர்க்கார் தரப்பார் ‘கூறினார்’ என்றும், காங்கிரஸ் தரப்பார் ‘சாதித்தார்’ என்றும் எழுதுவதும் பாரபட்சமே. இரு தரப்புக்கும் ‘கூறினார்’ என்பதே போதும்.

அப்படியானால் சரித்திர நூலில் அந்நிகழ்ச்சியை எவ்வாறு எழுதுவது? நாம் இவ்வாறு எழுதுவோம்: “ஜெனரல் டயர் 50 துப்பாக்கி வீரர்களுடன் தோட்டத்துள் நுழைந்து, எச்சரிக்கை செய்யாமல் சுடும்படி உத்தரவிட்டார். வீரர்கள் சுமார் பத்து நிமிஷம் சுட்டனர். 1650 குண்டுகள் செலவாயின. வெளியேறும் வழிகள் சிலவே, அவையும் குறுகலானவை. மாண்டவர் 379 பேர் என்பது சர்க்கார் கணக்கு. சுமார் ஆயிரம் பேர் என்பது காங்கிரஸ் விசாரணைக் குழுவின் மதிப்பு.” இதில் ‘கொடூரம்’ என்ற சொல் இல்லை. ஆனால் செய்தவர் பெயர் உண்டு, செயல் உண்டு, அளவு உண்டு, எந்தக் கணக்கு யாருடையது என்பதும் உண்டு. ‘379 பேர் மட்டுமே’ என்றாலும், ‘ஆயிரக்கணக்கானோர்’ என்றாலும் தராசு சாய்ந்துவிடும்.

‘படுகொலை’ என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டுமோ என்று கேட்பார் உளர். வேண்டியதில்லை. எதிர்த்துத் தாக்காத பலரைக் கொல்வதே அச்சொல்லின் நேர்ப்பொருள். மேற்கண்ட விவரங்கள் அப்பொருளை முற்றும் நிரப்புகின்றன. விவரத்தைச் சொன்ன பின்னர் அப்பெயரை இடுவது வர்ணனை. விவரத்துக்குப் பதிலாக அதை இடுவது வசை. அதே மாதம் 10-ந் தேதி அந்நகரில் ஜனங்களால் ஐந்து ஐரோப்பியர் கொல்லப்பட்டதையும் ‘அசம்பாவிதம்’ என்று மழுப்பாமல், ‘கொல்லப்பட்டனர்’ என்றே எழுத வேண்டும். இரு நாட்களுக்கும் இரு அளவுகோல் வைத்துக்கொள்வோரின் கணக்கை எவர் நம்புவார்?

இத்தனைக்கும் மூலமான ரௌலட் சட்டத்தின் பெயரையே பாருங்கள். ஜனங்கள் அதைக் ‘கறுப்புச் சட்டம்’ என்றனர். அது சாயம் ஏறிய பெயர் என்பது எவருக்கும் தெரியும். சர்க்கார் இட்ட பெயரோ ‘அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம்’. இதில் ஏறிய சாயம் மாத்திரம் குறைவானதா? ‘1919-ஆம் வருஷத்திய 11-வது சட்டம்’ என்று எழுதி, விசாரணையின்றிக் காவலில் வைக்க அது அளித்த அதிகாரத்தை அடுத்த வாக்கியத்திலே சொல்லிவிட்டால் போதும்.