ஒரு கணக்கைப் போட்டால் இன்னொன்று இலவசம்

பாலிடெக்னிக்கில் வருஷக்கணக்காக மின்சுற்றுப் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். ஆர்.எல்.சி. தொடர்ச் சுற்றுக்கு வகைக்கெழுச் சமன்பாட்டைப் போட்டு விடை கண்டுபிடித்த பையனை, அடுத்த வாரமே பக்கச் சுற்றுக்கும் முதலிலிருந்து அதே நாலு பக்கக் கணக்கைப் போட வைப்பது வீண் வேலை. வீண் வேலை என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இரண்டும் வேறு வேறு பாடம் என்று அவன் மனசில் பதிந்துவிடுகிறது. ஒரே பாடத்துக்கு இரண்டு சட்டை என்பதே உண்மை.

மின்சாரத்தோடு பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு ரெசிஸ்டர், ஒரு காயில், ஒரு கண்டென்சர் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கோர்த்து பேட்டரியோடு இணைத்து சுவிட்சைப் போட்டால், கரண்ட் ஒரேயடியாகப் பாயாது. மெல்ல ஏறும், உச்சத்தைத் தொடும், இறங்கும், திசை மாறிக்கூட ஓடும், கடைசியில் அடங்கிவிடும். தள்ளிவிட்ட ஊஞ்சல் ஆடி அடங்குவது மாதிரிதான். எவ்வளவு வேகமாக ஆடுகிறது, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தால் கணக்கு முடிந்தது.

வளையத்தைச் சுற்றி வோல்டேஜ்களைக் கூட்டினால் கிடைப்பது இது:

L di/dt + R i + (1/C) ∫ i dt = V

பக்கச் சுற்றில் மூன்றும் ஒரே இரண்டு முனைகளுக்கு நடுவே தோளோடு தோள் நிற்கின்றன. பேட்டரிக்குப் பதிலாக, மாறாத கரண்டைத் தரும் ஒரு மூலம். இப்போது ஒரு முனையில் கரண்டுகளைக் கூட்டுகிறோம்:

C dv/dt + (1/R) v + (1/L) ∫ v dt = I

இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எழுத்துகள்தான் இடம் மாறியிருக்கின்றன, உருவம் ஒன்றே. கரண்ட் இருந்த இடத்தில் வோல்டேஜ், L இருந்த இடத்தில் C, C இருந்த இடத்தில் L, R இருந்த இடத்தில் 1/R. சமன்பாடு ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாகத்தான் இருக்கும். கணிதத்துக்கு அந்த எழுத்து கரண்டா வோல்டேஜா என்பது தெரியாது. இதைத்தான் டூயாலிட்டி, அதாவது இருமை என்கிறோம். அலெக்சாண்டர் ரஸ்ஸல் 1904-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.

வரிசையில் இருந்தவை ஏன் பக்கத்தில் போய் நிற்கின்றன என்று வகுப்பில் யாராவது கேட்டால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர்டில் தொடர்ச் சுற்றின் ஒற்றை வளையத்தை வரைவேன். வளையத்துக்கு உள்ளே ஒரு புள்ளி, வெளியே ஒரு புள்ளி. உள்ளே இருந்து வெளியே போக, வழியில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் குறுக்கே வெட்டி ஒரு கோடு. பேட்டரி, ரெசிஸ்டர், காயில், கண்டென்சர் என்று நாலு பொருள் இருப்பதால் நாலு கோடு. இப்போது பழைய படத்தை அழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நாலு கோடுகள் மிஞ்சும். அதுதான் பக்கச் சுற்று. ஒவ்வொரு கோட்டிலும், அது வெட்டிய பொருளின் ஜோடியை வைக்க வேண்டும். பேட்டரிக்குப் பதில் கரண்ட் மூலம், காயிலுக்குப் பதில் கண்டென்சர், இப்படி. சுவிட்சுக்கும் ஜோடி உண்டு. தொடர்ச் சுற்றில் சுவிட்சை மூடினால் வேலை ஆரம்பிக்கிறது. பக்கச் சுற்றில் கரண்ட் மூலத்தின் குறுக்கே இருக்கும் சுவிட்சைத் திறந்தால்தான் ஆரம்பிக்கும்.

எண் போட்டுப் பார்த்துவிடலாம். ரெசிஸ்டர் 6 கிலோ ஓம், காயில் 1 ஹென்றி (பழைய ட்யூப்லைட் சோக் ஏறக்குறைய இந்த ரகம்), கண்டென்சர் 0.04 மைக்ரோபாரட், பேட்டரி 20 வோல்ட். நேரத்தை மில்லிசெகண்டிலும் கரண்டை மில்லிஆம்பியரிலும் வைத்துக்கொண்டால் எண்கள் சின்னதாக அடங்கிவிடும். அடங்கும் வேகம் R/2L, அதாவது 3. தடையே இல்லாவிட்டால் ஆடும் வேகம் 1/√(LC), அதாவது 5. தடையோடு ஆடும் வேகம் √(25 − 9), அதாவது 4. ஆகவே விடை:

i = 5 e^(−3t) sin 4t மில்லிஆம்பியர்

முன்னால் இருக்கும் 5 எங்கிருந்து வந்தது என்றால், 20 வோல்ட்டை L-ஆலும் 4-ஆலும் வகுத்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நாலு பக்கம்.

இப்போது பக்கச் சுற்று. ஜோடி மாற்றி எழுதினால் கரண்ட் மூலம் 20 மில்லிஆம்பியர், கண்டென்சர் 1 மைக்ரோபாரட், காயில் 0.04 ஹென்றி. ரெசிஸ்டர் இருந்த இடத்தில் 6 மில்லிசைமன்ஸ். எங்கள் காலத்தில் இந்த அலகை ‘மோ’ என்போம். ஓம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்ட பெயர். அதைவிட அழகாக இந்த விஷயத்தை யாரும் சொன்னதில்லை. என்ன காரணமோ, அதை எடுத்துவிட்டு சைமன்ஸ் என்று வைத்துவிட்டார்கள். 6 மில்லிசைமன்ஸ் என்றால் கடையில் வாங்க 1/0.006, சுமார் 167 ஓம் ரெசிஸ்டர். விடையை ஒரு வரியில் எழுதிவிடலாம்:

v = 5 e^(−3t) sin 4t வோல்ட்

நம்பிக்கை இல்லாதவர்கள் சரிபார்க்கலாம். தொடங்கும் கணத்தில் மொத்தக் கரண்டும் கண்டென்சருக்குள்தான் போகும், ஏனென்றால் காயில் உடனே கரண்டை எடுக்காது, வோல்டேஜ் இன்னும் சுழியில் இருப்பதால் ரெசிஸ்டரிலும் கரண்ட் இல்லை. 20 மில்லிஆம்பியர் 1 மைக்ரோபாரட்டுக்குள் போனால் மில்லிசெகண்டுக்கு 20 வோல்ட் வீதம் ஏற வேண்டும். விடையின் ஆரம்பச் சரிவு 5 × 4 = 20. பொருந்துகிறது. கடைசியில் காயில் வெறும் கம்பி மாதிரி ஆகி முழுக் கரண்டையும் விழுங்கிவிடும். வோல்டேஜ் சுழிக்குத் திரும்பும். அதுவும் பொருந்துகிறது.

ஒரு முறை விடைத்தாள் திருத்தும் முகாமில், பக்கத்து மேஜைக்காரர் ஒரு தாளை என்னிடம் நீட்டி, “சார், இதுக்கு என்ன போடறது? டெரிவேஷனே இல்ல” என்றார். பதினாறு மார்க் கேள்வி. பையன் தொடர்ச் சுற்றின் சமன்பாட்டை எழுதி, பக்கத்தில் எது எதுவாக மாறுகிறது என்று பட்டியல் போட்டு, ஆறே வரியில் சரியான விடையை எழுதியிருந்தான். “முழு மார்க் போடுங்க” என்றேன். அவர் தலைமைத் தேர்வாளரிடம் கொண்டுபோனார். விடைக்குறிப்பில் படிகளுக்கு மார்க் பிரித்திருக்கிறது, படி இல்லை, மார்க் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மார்க் கிடைத்தது. அந்தப் பையன் பாஸ் செய்தானா என்று எனக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆனால் மேஜைக்காரரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. அதே கட்டில் இன்னொரு தாள் இருந்தது. அதிலும் ‘டூயாலிட்டிப்படி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கீழே பக்கச் சுற்றுக்கு அடங்கும் வேகம் R/2L என்று போட்டிருந்தான். பெயர் தெரியும், பொருள் தெரியாது.

அந்த இரண்டாவது பையன் செய்ததுதான் இந்தக் குறுக்குவழியின் ஒரே பெரிய பள்ளம். அதே மூன்று பொருளைக் கழற்றிப் பக்கத்தில் மாட்டினால் இருமை வராது. நம்முடைய 6 கிலோ ஓம், 1 ஹென்றி, 0.04 மைக்ரோபாரட்டை அப்படியே பக்கத்தில் கோர்த்துப் பாருங்கள். அடங்கும் வேகம் 1/(2RC), கணக்குப் போட்டால் சுமார் 2.08. மூன்று இல்லை. ரெசிஸ்டரை 12 கிலோ ஓம் ஆக்கினால் வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரியும். தொடர்ச் சுற்றில் அடங்கும் வேகம் 6 ஆகிவிடும். அது 5-ஐத் தாண்டியதால் ஆட்டமே நின்று, எண்ணெயில் முக்கிய ஊஞ்சல் போல மெதுவாகப் போய்ச் சேரும். பக்கச் சுற்றிலோ அது சுமார் 1.04-ஆகக் குறைந்து, முன்னைவிட நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். தொடரில் பெரிய ரெசிஸ்டர் ஆட்டத்தை அமுக்கும், பக்கத்தில் பெரிய ரெசிஸ்டர் ஆட்டத்தை விட்டுவிடும்.

ஆகவே விடையைச் சோதிக்க ஒரு சின்ன வழி. பக்கச் சுற்றில் ரெசிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டதாக நினையுங்கள். அதாவது R எல்லையில்லாமல் பெரியது. சக்தியைத் தின்ன யாரும் இல்லை, ஆட்டம் அடங்கவே கூடாது. 1/(2RC) சுழியாகிறது, சரி. R/2L எல்லையில்லாததாகிறது, அபத்தம். அரை நிமிஷ வேலை.

என் யோசனை இதுதான். பக்கச் சுற்றைத் தனிப் பாடமாக நடத்த வேண்டாம். தேர்வில் ‘இருமையைக் கொண்டு எழுதுக’ என்று வெளிப்படையாகக் கேட்டுவிடலாம். மாற்றுப் பட்டியலுக்குப் பாதி மார்க், விடைக்குக் கொஞ்சம், ஆரம்பக் கணத்திலும் கடைசியிலும் சரிபார்த்ததற்கு மீதி. முதல் பையன் பாஸாவான், இரண்டாமவன் பட்டியலை எழுதும்போதே மாட்டிக்கொள்வான். மாணவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் ஆட்சேபம் சொன்னார். இப்போது நாலு பக்கத்தை மனப்பாடம் செய்கிறார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல் என்றேன்.

எல்லாச் சுற்றுக்கும் இது செல்லாது என்பதையும் சொல்லித்தர வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரைய முடிகிற சுற்றுகளுக்குத்தான் ஜோடி உண்டு. வரைபடங்களுக்கே பொதுவான இந்த உண்மையை ஹாஸ்லர் விட்னி என்ற கணிதக்காரர் 1930-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். நடைமுறையில் இதைவிட அடிக்கடி தொல்லை தருவது காயில்தான். நிஜக் காயில் எதுவும் வெறும் காயில் அல்ல. சுற்றிய செம்புக் கம்பிக்கே கொஞ்சம் தடை உண்டு, அது காயிலோடு வரிசையில் நிற்கிறது. பழைய ரேடியோவில் கேங் கண்டென்சரோடு பக்கத்தில் மாட்டியிருக்கும் காயிலைப் படத்தில் பார்த்தால் நம் பக்கச் சுற்று மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ரெசிஸ்டர் தனிக் கிளையில் இல்லை, காயிலின் கிளைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதற்கு மேலே எழுதிய ஒற்றை வரி விடை பொருந்தாது. அதன் ஜோடியை வரைந்தால், ஒரு காயிலோடு வரிசையில், கசிவுள்ள கண்டென்சர் வரும். கசிவு கண்டென்சருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டராக நிற்கும். அந்தச் சுற்றுக்கு முதலில் ஒரு தடவை முழுக் கணக்கையும் போட்டுத்தான் ஆக வேண்டும்.