மொட்டைமாடி இன்சுலேஷன்: கார்பன் கடன் எப்போ தீரும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும்: ராத்திரி பத்து மணிக்கும் மேல்தளத்து சீலிங்கில் கை வைத்தால் சுடும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், ஏ.சி. போட்ட அறைக்குள் அந்தச் சூட்டை விடிய விடிய இறக்குகிறது. அதனால் 'இன்சுலேஷன் போடுங்க, கரன்ட் பில் குறையும், பூமிக்கும் நல்லது' என்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி, எந்தப் பொருளைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

காரணம் எளிது. இன்சுலேஷன் பலகையைத் தயாரிக்கும்போதே கார்பன் வெளியாகிவிடுகிறது. அதை ஒரு கடன் என்று வைத்துக்கொள்வோம். வருஷாவருஷம் மிச்சமாகும் மின்சாரம்தான் அந்தக் கடனுக்கான தவணை.

ஒரு அறைக்குக் கணக்கு போடுவோம்

பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை. கூரைப் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். வருஷத்தில் 180 நாள், தினம் 8 மணி நேரம் ஏ.சி. ஓடுகிறது. கூரை மேல் 50 மி.மீ. பலகை போட்டால், உள்ளே இறங்கும் சூட்டில் முக்கால் பங்குக்கு மேல் தடுக்கப்படும். மின்சாரத்தில் அது வருஷத்துக்கு ஏறக்குறைய 115 யூனிட் மிச்சம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக, வருஷத் தவணை சுமார் 80 கிலோ.

இப்போ கடனைப் பார்ப்போம். நாம தெர்மாகோல் என்று சொல்லும் இ.பி.எஸ். பலகை, இந்த அறைக்கு 11 கிலோ போதும். அதன் கார்பன் 36 கிலோ அளவில் இருக்கும். ஆறு மாசத்துக்குள் அடைந்துவிடும். ராக்வூல் எடை கூடுதல், கடன் 80 கிலோவை ஒட்டி வரும். ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும். சொல்லப்போனால், பலகையைக் காக்க மேலே போடும் 40 மி.மீ. கான்கிரீட் பூச்சின் கார்பன் சுமார் 120 கிலோ, தெர்மாகோலை விட மூன்று மடங்குக்கும் மேல்! அதையும் சேர்த்தாலும் தெர்மாகோலுக்கு இரண்டு வருஷம்தான்.

சிக்கல் எங்கே?

பலகைக்குள் இருக்கும் வாயுவில். பிளாஸ்டிக்கை நுரையாக உப்ப வைக்க ஒரு வாயு வேண்டும். தெர்மாகோலுக்குப் பயன்படும் பென்டேனால் பூமி சூடாவது மிகக் குறைவு. ஆனால் எக்ஸ்.பி.எஸ். எனும் கெட்டிப் பலகைகள் சிலவற்றில் எச்.எஃப்.சி.-134ஏ வாயு இருக்கும். இதன் ஒரு கிலோ, 1,300 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

அதே அறைக்கு எக்ஸ்.பி.எஸ். சுமார் 18 கிலோ தேவை. அதில் 7 சதவீதம் இந்த வாயு என்று வைத்தால் 1.2 கிலோவுக்கு மேல். முழுவதும் கசிந்தால் கடன் 1,600 கிலோ: அதாவது 20 வருஷத் தவணை. பாதிதான் கசிந்தது என்றாலும் பத்து வருஷம். சோலார், காற்றாலை கூடக்கூட ஒரு யூனிட்டின் கார்பன் குறையும். தவணை சிறுத்து, கடன் இன்னும் இழுக்கும். அதே எக்ஸ்.பி.எஸ்., கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைக்கப்பட்டிருந்தால் ஒரு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

2018-ல் வந்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' கட்டட விதி, கூரை வழியே எவ்வளவு வெப்பம் போகலாம் என்பதற்கு 1.2 வாட் என்று (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு) வரம்பு வைத்தது. அந்த வரம்பை நல்ல வாயுப் பலகையும் தாண்டும், கெட்ட வாயுப் பலகையும் தாண்டும். கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா எச்.எஃப்.சி.யைக் குறைக்கத் தொடங்குவது 2032-ல்தான். அதுவரை காத்திருக்காமல், எந்த வாயு என்பதைப் பலகையின் உறையிலேயே அச்சிடச் சொல்லி அரசு கட்டாயமாக்க வேண்டும்.

வாங்கும்முன்

கடைக்காரரிடம் 'டெக்னிக்கல் டேட்டா ஷீட்' கேளுங்க. அதில் 'ப்ளோயிங் ஏஜென்ட்' வரியைப் பாருங்க. பென்டேன் அல்லது கார்பன் டை ஆக்சைடு என்றால் சரி. 134ஏ என்றாலோ, வரியே இல்லை என்றாலோ வேறு பலகை பாருங்க.

பலகை விரிக்கும் முன் மாடியில் இரண்டு நாள் தண்ணி கட்டி, கசிவு இல்லை என்று உறுதி செய்யுங்க. நனைந்த ராக்வூல் சூட்டைத் தடுக்காது. அப்புறம் தவணையே நின்றுவிடும். தெர்மாகோல் தீப்பிடிக்கும் என்பதால் சீலிங்குக்குக் கீழே ஒட்டாமல், மாடிக்கு மேலே பூச்சுக்கு அடியில்தான் இருக்க வேண்டும்.

ஏ.சி.யே இல்லாத வீடு என்றால்? அறை குளிரும், தூக்கம் வரும். ஆனால் மிச்சமாக யூனிட்டே இல்லை என்பதால் தவணையும் இல்லை. அங்கே கடன் சிறிதாக இருப்பது இன்னும் முக்கியம். முதலில் மாடிக்கு வெள்ளை கூல்-ரூஃப் பெயின்ட் அடித்து ஒரு கோடையைப் பாருங்க. போதவில்லை என்றால் பலகைக்குப் போகலாம்.