விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பச் சொல்லுகிறவர்களுக்கு



பிள்ளைகளைப் பெற்று, ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, விட்ட படிப்பைத் தொடர ஒரு சகோதரி விரும்பினால், நம் சபைகளில் அவளுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பிப் படி. அதற்கு ஆதாரமாக நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தின் குணசாலியான ஸ்திரீயைக் காட்டுவார்கள். அவள் இருட்டோடே எழும்பவில்லையா, இரவில் அவள் விளக்கு எரியவில்லையா என்பார்கள். அன்போடுதான் சொல்லுகிறார்கள். ஆயினும் அந்த ஆலோசனை தவறு. வேதத்தை அதற்குத் துணைக்கு அழைப்பது அதனினும் பெரிய தவறு.

அந்த அதிகாரத்தைத் திறந்து 15-ஆம் வசனத்தை முழுவதும் வாசியுங்கள். அவள் இருட்டோடே எழும்புவதைச் சொல்லும் அதே வசனம், அவளுடைய வேலைக்காரிகளைப் பற்றியும் சொல்லுகிறது. அந்த வீட்டில் பல கைகள் இருந்தன. 28-ஆம் வசனத்தில் அவள் பிள்ளைகள் எழும்பி அவளைப் பாராட்டுகிறார்கள். அவர்கள் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் அல்லர். மேலும், அந்தப் பகுதி எபிரெய அகரவரிசையின் 22 எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தொடங்கும் 22 வசனங்களைக் கொண்ட பாடல். ஒரு வாழ்நாளின் நற்குணங்களை வரிசைப்படுத்தும் புகழ்ப்பாடலை நாம் ஒரு நாளின் கால அட்டவணையாக்கி, இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாயின் கையில் கொடுக்கிறோம்.

இனி கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்தபடி படிக்கும் நம் சகோதரிகளில் பலர் நாடுவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை. அங்கே ஒரு கிரெடிட் என்பது முப்பது மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 180 மணி நேரம் வேண்டும். அதை ஆறு மாதத்தில், அதாவது 26 வாரங்களில் முடிக்க, வாரத்துக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம். நீங்கள் அவளுக்கு அருளிய நான்கு மணி முதல் ஐந்து மணி வரையான நேரம், ஒரு நாளும் தவறாமல் கிடைத்தால், ஒரே ஒரு பாடத்துக்குச் சரியாகிவிடுகிறது. மூன்று பாடங்களை எடுத்திருந்தால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். அந்த மற்ற இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர் உங்களில் யார்?

அந்த ஒரு மணி நேரமாவது கிடைக்கிறதா? நான்கு வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும் உள்ள ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு எடுத்துவைத்து, அவள் படுக்கும்போது இரவு பதினொன்று. நான்கு மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். தாயின் சூடு விலகியதும் சிறியவன் விழித்துக்கொள்ளுகிறான். அவனை மறுபடி தட்டித் தூங்கவைக்க அரைமணி நேரம் போகிறது. முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். இரண்டாம் வாரத்தில் ஒரே பத்தியை மூன்று முறை வாசித்தும் ஒன்றும் நிற்காது. மூன்றாம் வாரத்தில் புத்தகத்தின் மேல் தலை சாய்ந்துவிடும். அப்பொழுது அவள், "என் மூளை மழுங்கிப்போயிற்று, இது என் வயதுக்கு ஆகாது" என்கிறாள். மூளை மழுங்கவில்லை. படித்தது மனத்தில் படிவது தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிக்கச் சொன்னவர்கள் அவள் படிப்பையே வெட்டினார்கள்.

படிப்பில் இரண்டு வகை வேலை உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். முன்பு அறியாத ஒரு பாடத்தை முதன்முதலாக வாசித்து விளங்கிக்கொள்ளுதலும், அசைன்மெண்டுக்கு விடை எழுதுதலும் இடையூறில்லாத நீண்ட நேரத்தைக் கேட்பவை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "அம்மா" என்ற குரல் வந்தால், விட்ட இடத்தைப் பிடிப்பதிலேயே நேரம் கரையும். ஏற்கனவே விளங்கிய பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்துத் தனக்குத்தானே சொல்லிப்பார்ப்பது வேறு வகை. அதைக் காய் நறுக்கிக்கொண்டே செய்யலாம். துண்டு துண்டான நேரமே அதற்குப் போதும். மறந்ததை முயன்று நினைவுகூர்வது, மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட ஆழமாகப் பதியவும் செய்யும். ஆகவே அவளுக்குத் தேவை ஒவ்வொரு நாளும் பிய்த்தெடுத்த ஒரு மணி நேரமல்ல; வாரத்தில் இரண்டு முறையாவது, பகலில், விழித்த கண்களோடு, மூன்று மணி நேரம் அடைத்த கதவுக்குப் பின்னால் இருப்பது. அப்படி ஆறு மணி நேரம் கிடைத்து, மீதியை அடுப்படியில் நினைவுகூர்ந்தால், அரையாண்டுக்கு ஒரு பாடத்தை நன்றாக முடிக்கலாம். ஒன்றுதானா என்று இகழாதீர்கள். மூன்றாண்டு இளங்கலைப் படிப்பை முடிக்க அந்தப் பல்கலைக்கழகமே ஆறாண்டு வரை அவகாசம் தருகிறது. ஆறாண்டுக்குள் முடிக்க நடுவே சில அரையாண்டுகளில் இரண்டு மூன்று பாடங்கள் எடுக்க வேண்டிவரும். அது சிறியவன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் ஆகட்டும்.

கதவை அடைப்பது அவளால் ஆகாது. வெளியே பிள்ளையை வைத்திருக்க ஒருவர் வேண்டும். நம் சபையில் ஒரு சகோதரர் பதவி உயர்வுக்காகத் துறைத்தேர்வு எழுதினால் என்ன நடக்கிறது? தொலைக்காட்சி அணைகிறது. பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போகிறார்கள். ஜெபக்கூட்டத்துக்கு அவர் வராததற்கு ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை. மாறாக அவருக்காக ஜெபிக்கிறோம். அவரை நான்கு மணிக்கு எழும்பச் சொல்ல ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவர் மனைவி அதையே செய்தால், "ஊழியத்துக்கு நேரமில்லை, படிக்க மட்டும் நேரமிருக்கிறதோ?" என்கிறோம்.

பண்டித ரமாபாயை மேடைகளில் புகழ்கிறோம். 1882-இல் கணவரை இழந்து, கைக்குழந்தை மனோரமாவோடு 1883-இல் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கே ஞானஸ்நானம் பெற்று, செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் படித்த அவருடைய விசுவாசத்தைச் சொல்லுகிறோம். அவர் படித்த காலத்தில் வாண்டேஜ் மடத்துச் சகோதரிகள் அந்தச் சிறுமியைப் பராமரித்ததைச் சொல்லுவதில்லை. பிற்காலத்தில் மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்த அந்தக் கல்விக்குப் பின்னால், ஒரு குழந்தைக்குச் சோறூட்டிய வேறு கைகளும் இருந்தன.

நம் வாரத்தை எண்ணிப்பாருங்கள். புதன் பெண்கள் ஐக்கியம், வெள்ளி உபவாச ஜெபம், சனி மாலை பாடகர் பயிற்சி, இடையில் வீட்டு ஜெபக்கூட்டம், ஞாயிறு முழுவதும். இவற்றில் தேநீர் போடுகிறவளும் பாய் விரிக்கிறவளும் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். படிக்கும் தாய்மாருக்கு ஞாயிறு ஆராதனை நீங்கலாக மற்றவற்றிலிருந்து விடுப்புக் கொடுப்பதால் கர்த்தருடைய ராஜ்யம் தடைபடும் என்று நான் நம்பவில்லை. யாரேனும் அவர்களிடம் காரணம் கேட்க நினைத்தால், முதலில் என்னிடம் வந்து கேளுங்கள்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஞாயிறு பள்ளியின் பின்னறை படிப்பவர்களுக்காகத் திறந்திருக்கும். மேசையும் மின்விசிறியும் உண்டு. கதவுக்கு உள்தாழ்ப்பாளும் உண்டு. செவ்வாய்க்கிழமையும் திறக்க விரும்புகிறேன். ஆள் கிடைத்தால் செய்வோம். முன்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நால்வரும் அறுபதைக் கடந்த பாட்டிமார். சகோதரர்களுக்கான தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அது இன்னும் வெறுமையாக இருக்கிறது.